கோடுகள் எங்கே வெட்டுகின்றன: Km கண்டறிந்து தடுப்பானின் வகையைப் பிரிப்பது எப்படி

ஒரு தடுப்பானைச் சேர்த்ததும் நொதியின் வேகம் பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் வைத்து அந்தத் தடுப்பான் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. தளப்பொருள் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு தடுத்திருக்கலாம். வேறோர் இடத்தில் ஒட்டி நொதியையே முடக்கியிருக்கலாம். ஒரே ஒரு தளப்பொருள் செறிவில் அளந்தால் இரண்டும் ஒரே எண்ணைத் தரக்கூடும். தளப்பொருளின் செறிவைக் கூட்டியும் குறைத்தும் அளந்தால்தான் வேறுபாடு வெளிப்படும். அதைக் கண்ணால் பார்க்க உதவுவது இரட்டைத் தலைகீழ் வரைபடம், அதாவது லைன்வீவர்–பர்க் வரைபடம். இந்தக் கட்டுரை ஒரே ஒரு நொதியை எடுத்துக்கொண்டு, கரைசல் கலப்பதிலிருந்து தடுப்பானின் வகையை முடிவு செய்வது வரை போகிறது.

எடுத்துக்கொள்ளும் நொதி அல்கலைன் பாஸ்பேட்டேஸ். தளப்பொருள் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட். இதற்கு நிறம் இல்லை. நொதி இதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்ததும் மிஞ்சும் பாரா-நைட்ரோஃபீனால், காரக் கரைசலில் பளிச்சென்ற மஞ்சளாகத் தெரியும். 405 நானோமீட்டரில் மஞ்சள் ஏறும் வேகம்தான் வினையின் வேகம். வினையை நிறுத்தாமலே, குவெட்டுக்குள் நடப்பதை நொடிக்கு நொடி பார்க்கலாம் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல நொதி கிடைப்பது அரிது.

Km என்பது என்ன

1913இல் பெர்லினில் லியோனோர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸ் நொதியை ஆராய்ந்து எழுதிய சமன்பாடு இன்று இப்படி எழுதப்படுகிறது:

```
v = Vmax [S] / (Km + [S])
```

[S] தளப்பொருளின் செறிவு; v தொடக்க வேகம். Vmax என்பது நொதியின் எல்லா மூலக்கூறுகளும் தளப்பொருளால் நிரம்பியிருந்தால் கிடைக்கும் வேகம். [S] சரியாக Km அளவுக்கு இருந்தால் v பாதி Vmax ஆகிவிடும். ஆகவே Km ஒரு செறிவு. அதன் அலகு மில்லிமோலார் போன்ற செறிவு அலகு.

Km குறைவாக இருந்தால் நொதி தளப்பொருளை இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பலரும் எழுதுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1925இல் பிரிக்ஸும் ஹால்டேனும் காட்டியபடி, தளப்பொருள் பிரிந்துபோகும் வேகத்தோடு அது விளைபொருளாக மாறும் வேகமும் Km-க்குள் அடங்கியிருக்கிறது. மாறும் வேகம் மிகக் குறைவாக இருக்கும்போதுதான் Km பிடிப்பின் அளவாகிறது.

சமன்பாட்டின் இரு பக்கத்தையும் தலைகீழாக்கினால் நேர்கோடு கிடைக்கும்:

```
1/v = (Km/Vmax)(1/[S]) + 1/Vmax
```

கிடை அச்சில் 1/[S], நெடு அச்சில் 1/v. கோட்டின் சாய்வு Km/Vmax. நெடு அச்சை வெட்டும் இடம் 1/Vmax. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் கிடை அச்சை −1/Km-இல் வெட்டும். நெடு அச்சு என்பது 1/[S] பூஜ்யமாகும் இடம், அதாவது தளப்பொருள் அளவில்லாமல் நிறைந்திருக்கும் நிலை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கோடுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கரைசல்களும் கலவையும்

இவற்றை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். பிஹெச் 9.8-இல் 200 மில்லிமோலார் டைஎத்தனாலமீன் பஃபர், அதில் 1 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு. நீரில் 10 மில்லிமோலார் தளப்பொருள். தடுப்பானாக 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட். இதன் பிஹெச்சையும் 9.8-க்குக் கொண்டுவர வேண்டும். இதை விட்டுவிட்டால், பாஸ்பேட் செய்யும் தடுப்போடு பிஹெச் மாற்றத்தின் விளைவும் கலந்துவிடும், பிறகு இரண்டையும் பிரிக்க வழியில்லை.

ஒவ்வொரு குவெட்டிலும் மொத்தம் 1000 மைக்ரோலிட்டர். அதில் 500 பஃபர், 50 பாஸ்பேட் கரைசல், 20 நொதி. தளப்பொருள் 12.5, 25, 50, 100, 200 மைக்ரோலிட்டர் என்று மாறும், மீதி நீர். இப்படிக் கலந்தால் தளப்பொருளின் செறிவு 0.125, 0.25, 0.5, 1, 2 மில்லிமோலார் ஆகும். பாஸ்பேட் 1 மில்லிமோலார். 12.5 மைக்ரோலிட்டரைத் துல்லியமாக எடுப்பது கடினம் என்பதால், தளப்பொருளை நான்கு மடங்கு நீர்த்து அதிலிருந்து 50 எடுப்பது மேல். தடுப்பான் இல்லாத வரிசையில் 50 மைக்ரோலிட்டர் பாஸ்பேட்டுக்குப் பதிலாக அதே அளவு நீர் விடுங்கள்.

இந்தச் செறிவுகளை ஏன் இரண்டிரண்டு மடங்காக வைத்தோம் என்றால், தலைகீழாக்கும்போது 8, 4, 2, 1, 0.5 என்று விரிந்து நிற்கும். எல்லாச் செறிவுகளும் Km-ஐவிட மிக அதிகமாக இருந்தால் புள்ளிகள் நெடு அச்சின் ஓரத்தில் குவிந்துவிடும், சாய்வு தெரியாது. எல்லாம் மிகக் குறைவாக இருந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போவதுபோல் இருக்கும், Vmax தெரியாது. Km-இன் கால் பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை என்பது நல்ல வீச்சு. Km தெரியாத நொதி என்றால், பத்துப் பத்து மடங்கு வித்தியாசத்தில் நான்கு குவெட் போட்டு முதலில் தோராயமாகப் பார்த்துவிடுங்கள்.

பஃபரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆய்வகத்தில் எப்போதும் கைக்கு எட்டும் பாஸ்பேட் பஃபரை இங்கே தொடவே கூடாது. நொதி வெட்டி எடுக்கும் பாஸ்பேட்டே இந்த நொதிக்குத் தடுப்பான். செயல் மையத்தில் துத்தநாக அயனிகளுக்கு அருகே, தளப்பொருளின் பாஸ்பேட் பகுதி உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய தளப்பொருள் கரைசலிலும் இதே ஆபத்து உண்டு. வைத்திருந்த கரைசல் மஞ்சளாகத் தெரிந்தால், அதில் எவ்வளவு நைட்ரோஃபீனால் இருக்கிறதோ அவ்வளவு பாஸ்பேட்டும் இருக்கிறது. தளப்பொருள் அதிகம் விட்ட குவெட்டில் தடுப்பானும் அதிகமாகச் சேரும், Vmax குறைந்து காட்டும். அன்றன்றைக்குக் கரைத்து, ஒளி படாமல் பனிக்கட்டியில் வையுங்கள்.

தொடக்க வேகத்தை அளப்பது

நொதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குவெட்டில் கலந்து, அளக்கும் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். குளிர்ந்த பஃபரோடு தொடங்கினால் குவெட் சூடாகச் சூடாக வேகமும் கூடிக்கொண்டே போகும். கடைசியாக நொதியை விட்டு, மூடித் தலைகீழாக்கிக் கலக்கி, உடனே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு முறை ஒளி உறிஞ்சலைப் பதிவு செய்யுங்கள்.

காரக் கரைசலில், 1 சென்டிமீட்டர் குவெட்டில், 1 மைக்ரோமோலார் பாரா-நைட்ரோஃபீனால் 405 நானோமீட்டரில் சுமார் 0.018 உறிஞ்சல் தரும். நிமிடத்துக்கு 0.288 ஏறினால் வேகம் 0.288 ÷ 0.018 = 16 மைக்ரோமோலார். நொதியை எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்: தடுப்பான் இல்லாமல் 2 மில்லிமோலார் தளப்பொருளில் நிமிடத்துக்கு 0.2 முதல் 0.3 வரை ஏறும்படி நீர்த்துக்கொண்டு, அதே நொதிக் கரைசலை எல்லாக் குவெட்டிலும் பயன்படுத்துங்கள். இடையில் புது நொதிக் கரைசலுக்கு மாறினால் இரண்டு வரிசைகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எவ்வளவு நேரம் அளக்கலாம் என்பதைக் குறைந்த செறிவுதான் தீர்மானிக்கிறது. 0.125 மில்லிமோலார் என்றால் 125 மைக்ரோமோலார். நிமிடத்துக்கு 4 மைக்ரோமோலார் செலவானால் மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். அதன்பின் [S] என்று நீங்கள் எழுதிவைத்த எண் உண்மை இல்லை. கூடவே விளைபொருளான பாஸ்பேட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே முதல் இரண்டு நிமிடத்தின் நேரான பகுதியை மட்டும் எடுங்கள். அந்தப் பகுதியே வளைந்திருந்தால், நொதியை இன்னும் நீர்த்துத் திரும்பவும் அளக்க வேண்டும். வளைந்த கோட்டில் நேர்க்கோட்டைப் பொருத்திச் சமாளிப்பது இங்கே எடுபடாது. நொதி விடாத ஒரு குவெட்டையும் அளந்து, அதில் ஏறும் அளவைக் கழித்துவிடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக அமைத்த ஒரு தரவு இது. வேகம் நிமிடத்துக்கு மைக்ரோமோலாரில். ‘அ’ என்பது 1 மில்லிமோலார் பாஸ்பேட். ‘ஆ’ என்பது வகை தெரியாத இன்னொரு தடுப்பான், 2 மில்லிமோலார்.

| [S] | 1/[S] | தடுப்பான் இல்லை | அ | ஆ |
|---|---|---|---|---|
| 0.125 | 8 | 4.00 | 1.54 | 2.00 |
| 0.25 | 4 | 6.67 | 2.86 | 3.33 |
| 0.5 | 2 | 10.0 | 5.00 | 5.00 |
| 1 | 1 | 13.3 | 8.00 | 6.67 |
| 2 | 0.5 | 16.0 | 11.4 | 8.00 |

0.5 மில்லிமோலார் வரிசையைப் பாருங்கள். அங்கே இரண்டு தடுப்பானும் வேகத்தை 10-இலிருந்து 5-க்குக் குறைக்கின்றன. அந்த ஒரு செறிவில் மட்டும் அளந்தவருக்கு அ-வும் ஆ-வும் ஒன்றுதான். மேலும் கீழும் போனால் கதை மாறுகிறது. 2 மில்லிமோலாரில் அ இருந்தும் 71 சதவீத வேகம் மிஞ்சுகிறது, 0.125-இல் 38 சதவீதம்தான். ஆ எல்லா இடத்திலும் சரிபாதியாகவே வெட்டுகிறது.

இப்போது 1/v கணக்கிட்டுக் கோடு போடுவோம். தடுப்பான் இல்லாத வரிசையின் 1/v மதிப்புகள் 0.25, 0.15, 0.10, 0.075, 0.0625. சாய்வு 0.025, நெடு அச்சில் வெட்டு 0.05. Vmax = 1/0.05 = 20. Km = 0.025 × 20 = 0.5 மில்லிமோலார்.

அ வரிசையின் 1/v மதிப்புகள் 0.65, 0.35, 0.20, 0.125, 0.0875. சாய்வு 0.075 என்று மூன்று மடங்காகிவிட்டது, ஆனால் நெடு அச்சு வெட்டு அதே 0.05. இரண்டு கோடுகளும் நெடு அச்சின் மேலேயே சந்திக்கின்றன. அந்த இடம் தளப்பொருள் அளவில்லாமல் இருக்கும் நிலை என்று மேலே சொன்னோம். அங்கே தடுப்பான் இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது என்றால், தளப்பொருள் அதை மையத்திலிருந்து துரத்திவிட்டது என்று பொருள். இதுதான் போட்டித் தடுப்பு. Vmax மாறவில்லை, தடுப்பான் இருக்கும்போது தெரியும் தோற்ற Km மட்டும் 1.5 மில்லிமோலாராக ஏறியது. [I] தடுப்பானின் செறிவு; Ki அது நொதியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதன் அளவு. சாய்வு மூன்று மடங்கானதால் 1 + [I]/Ki = 3. [I] = 1 என்பதால் Ki = 0.5 மில்லிமோலார்.

ஆ வரிசையின் மதிப்புகள் 0.50, 0.30, 0.20, 0.15, 0.125. சாய்வு 0.05, நெடு அச்சு வெட்டு 0.10, இரண்டும் இரு மடங்கு. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் தடுப்பான் இல்லாத கோட்டை −2-இல், கிடை அச்சிலேயே சந்திக்கிறது. எவ்வளவு தளப்பொருளைக் கொட்டினாலும் இழந்த வேகம் திரும்பவில்லை. மிஞ்சியிருக்கும் நொதியின் Km மாறவும் இல்லை. இது போட்டியற்ற தடுப்பு. தடுப்பான் வேறிடத்தில் ஒட்டுகிறது, நொதி தளப்பொருளைப் பிடித்திருந்தாலும் சும்மா இருந்தாலும் ஒரே பிடிப்போடு ஒட்டுகிறது. இங்கே 1 + [I]/Ki = 2, ஆகவே Ki = 2 மில்லிமோலார்.

நடைமுறையில் கோடுகள் இப்படிக் கச்சிதமாகக் கிடை அச்சில் சந்திப்பது அரிது. பெரும்பாலும் நெடு அச்சுக்கு இடப்பக்கம், கிடை அச்சுக்குச் சற்று மேலேயோ கீழேயோ சந்திக்கும். அது கலப்புத் தடுப்பு: தடுப்பான் இரண்டு நிலையிலும் ஒட்டுகிறது, ஆனால் பிடிப்பு சமமில்லை. அதைப் போட்டியற்றது என்ற பெட்டிக்குள் திணிக்காமல், கலப்பு என்றே எழுதுவதுதான் நேர்மை. கோடுகள் சந்திக்காமல் இணையாகப் போனால், தடுப்பான் தளப்பொருள் ஒட்டிய நொதியில் மட்டும் ஒட்டுகிறது. குடலில் உள்ள அல்கலைன் பாஸ்பேட்டேஸுக்கு எல்-ஃபீனைல்அலனின் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு.

ஒரு புள்ளி எப்படி முடிவையே மாற்றிவிடும்

இந்த வரைபடத்தின் பலவீனம் தலைகீழாக்குவதில்தான் இருக்கிறது. அளவையில் நிமிடத்துக்கு 0.4 மைக்ரோமோலார் பிழை வருகிறது என்று கொள்வோம், அது நிமிடத்துக்கு 0.007 உறிஞ்சல்தான். வேகம் 16 இருக்க வேண்டிய இடத்தில் 15.6 வந்தால் 1/v வெறும் 0.0016 மாறும். 4 இருக்க வேண்டிய இடத்தில் 3.6 வந்தால் 0.028 மாறும், பதினேழு மடங்கு அதிகம். அதோடு இந்தப் புள்ளிதான் வலது ஓரத்தில் தனியாக நின்று கோட்டையே நெம்புகோல்போல் திருப்புகிறது.

அ வரிசையின் முதல் புள்ளி 1.54-க்குப் பதில் 1.94 வந்தது என்று வைத்துப் பாருங்கள். மற்ற நான்கும் சரி. எல்லாப் புள்ளிக்கும் சம எடை கொடுத்துக் கோடு பொருத்தினால் நெடு அச்சு வெட்டு 0.05-இலிருந்து 0.078-க்கு ஏறுகிறது, Vmax 13-க்கு அருகில் இறங்குகிறது. சுத்தமான போட்டித் தடுப்பு, வரைபடத்தில் கலப்புத் தடுப்பாகத் தெரியும். அதே புள்ளி எதிர்ப்பக்கம் தவறி 1.14 வந்தால் வெட்டு 0.0027 அளவுக்குச் சரிந்து Vmax 400-ஐ நெருங்கும். 1934இல் இந்த முறையை வெளியிட்ட லைன்வீவரும் பர்க்கும் புள்ளிகளுக்கு எடை கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தே இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கைவிட்டார்கள்.

ஆகவே வரைபடத்தை வகையைக் கண்ணால் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். Vmax, Km எண்களைத் தலைகீழாக்காத தரவிலிருந்து எடுங்கள். பைத்தானில் சில வரிகள் போதும்:

```python
import numpy as np
from scipy.optimize import curve_fit

S = np.array([0.125, 0.25, 0.5, 1.0, 2.0])
v = np.array([1.54, 2.86, 5.00, 8.00, 11.43])

def mm(S, Vmax, Km):
    return Vmax * S / (Km + S)

p, cov = curve_fit(mm, S, v, p0=[15, 1])
print(p, np.sqrt(np.diag(cov)))
```

இது Vmax 20, Km 1.5 என்ற அளவில் தரும். முதல் எண்ணை 1.14 என்று மாற்றி ஓட்டினாலும் Vmax 20.6, Km 1.6 அருகில்தான் நிற்கும். நேர்க்கோட்டில் 400-ஐ நெருங்கி ஓடிய அதே தவறு இங்கே சிறு அசைவாக அடங்கிவிடுகிறது. குறைந்த செறிவுகளை மூன்று முறை அளந்து சராசரி எடுப்பதும் அவசியம்.

போட்டியற்றதுபோல் நடிக்கும் தடுப்பு

கிடை அச்சில் கோடுகள் சந்தித்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். நொதியின் ஒரு பகுதி திரும்ப முடியாதபடி செத்துப்போனாலும் வரைபடம் அச்சு அசலாக அதே மாதிரிதான் இருக்கும்: உயிரோடு உள்ள நொதி குறைந்ததால் Vmax இறங்கும், மிஞ்சியதன் Km மாறாது. அல்கலைன் பாஸ்பேட்டேஸில் இதற்கு ஈடிடிஏ நல்ல எடுத்துக்காட்டு. அது நொதியில் ஒட்டி மையத்தைத் தடுப்பதில்லை. நொதிக்கு வேண்டிய துத்தநாகத்தை மெல்ல மெல்ல உருவி எடுக்கிறது.

கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. நொதியையும் தடுப்பானையும் 1 நிமிடம் சேர்த்து வைத்து ஒரு முறை, 20 நிமிடம் வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள். தடுப்பான் இல்லாமல் 20 நிமிடம் வைத்த நொதியும் கூடவே வேண்டும். நேரம் கூடக் கூடத் தடுப்பும் கூடினால் சந்தேகப்பட வேண்டும், ஆனால் மெதுவாக ஒட்டும் மீள்தடுப்பானும் இப்படிச் செய்யும் என்பதால் இது மட்டும் போதாது. இரண்டாவதாக, நொதியும் தடுப்பானும் சேர்ந்த கலவையை நூறு மடங்கு நீர்த்து அளந்து பாருங்கள். தடுப்பான் மீளக்கூடியதாக இருந்தால் அதன் செறிவும் நூறில் ஒன்றாகிவிடும், தடுப்பான் இல்லாமல் அதே அளவு நீர்த்த நொதியின் வேகத்துக்கு ஏறத்தாழ முழுதாகத் திரும்பும். திரும்பாவிட்டால் அதற்கு Ki என்று ஓர் எண் போடுவதில் பொருளில்லை.

மீளக்கூடியது என்று உறுதியானபின், ஒரே ஒரு தடுப்பான் செறிவோடு நிறுத்தாமல் மூன்று செறிவுகளில் வரிசைகளை எடுங்கள். பாஸ்பேட்டுக்கு 0, 0.5, 1, 2 மில்லிமோலார் என்றால் கோடுகளின் சாய்வு 0.025, 0.05, 0.075, 0.125 என்று ஏற வேண்டும். இந்தச் சாய்வுகளைத் தடுப்பான் செறிவுக்கு எதிராகக் குறித்து, கோட்டை இடப்பக்கம் நீட்டினால் கிடை அச்சை −0.5-இல், அதாவது −Ki-இல் வெட்டும்; ஆகவே Ki = 0.5. புள்ளிகள் நேர்க்கோட்டில் விழாமல் மேல்நோக்கி வளைந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட தடுப்பான் மூலக்கூறு ஒட்டுகிறது. ஓரளவுக்குமேல் ஏறாமல் கிடைமட்டமாகச் சாய்ந்தால், தடுப்பான் ஒட்டியபின்னும் நொதி கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கிறது.